ஸ்கேன் சிடியில் விலா எலும்பு முறிவைத் தேடுவது எப்படி?

"புளி உலுக்க ஏறிய அப்பா மரத்திலிருந்து விழுந்துவிட்டார். மார்பு சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் வலது ஆறாவது விலா எலும்பில் முறிவு, நுரையீரலைச் சுற்றிச் சிறிது காற்று என்று இருக்கிறது. ஸ்கேன் பதிந்த சிடி வட்டில் உள்ள கோப்புகளைச் சொடுக்கினால் திறக்கவில்லை. நண்பர் கணினியில் திறந்தும் இரண்டும் தெரியவில்லை." – வாசகர், பாலக்கோடு

முதலில் சிடி வட்டு முழுவதையும் ஒரு ஃபோல்டரில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். நேரடியாகச் சிடியிலிருந்து ஓட்டினால் படங்கள் திக்கித் திக்கி நகரும். கோப்புகளைத் தனித்தனியே சொடுக்குவதில் பயனில்லை. Weasis என்ற இலவச மென்பொருளை நிறுவி, அதற்குள்ளிருந்து DICOMDIR என்ற கோப்பைத் திறந்தால், ஒரே ஸ்கேன் பல படத்தொகுதிகளாக வரிசைப்படும். படங்களின் எண்ணிக்கை மிகுந்த தொகுதியைத் தேர்ந்தெடுங்கள். அதில் உடலின் குறுக்குவெட்டுத் துண்டுகள் ஏறத்தாழ 1 மி.மீ. அளவுக்கு மெல்லியவையாக இருக்கும், 5 மி.மீ. துண்டுகளில் மெல்லிய விரிசல் கரைந்துபோகும்.

மவுஸ் சக்கரத்தை உருட்டினால் துண்டுகள் மேலும் கீழும் நகரும். அப்பாவின் வலப்பக்கம் திரையில் உங்கள் இடப்பக்கமாக இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். விலா எலும்பு முதுகிலிருந்து சரிவாக இறங்கி முன்னே வருவதால், எந்தத் துண்டிலும் அதன் ஒரு பகுதிதான் வெள்ளைத் தீவுபோலத் தெரியும். முதுகெலும்பருகே அதைப் பிடித்து, கீழே உருட்ட உருட்ட அந்தத் தீவு பக்கவாட்டில் நகர்ந்து முன்னால் வருவதைக் கண்விலக்காமல் பின்தொடருங்கள்.

உங்களுக்கு இரண்டும் தெரியாததற்கு, படத்தின் கறுப்பு வெள்ளை எல்லைகளைத் தீர்மானிக்கும் விண்டோ அமைப்பே காரணமாக இருக்கலாம். சிடி ஸ்கேனில் தண்ணீர் 0, காற்று –1000, கெட்டியான எலும்பு ஆயிரத்தை ஒட்டி என ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தசை, இரத்தம் பார்ப்பதற்கான விண்டோவில் அகலம் 400, மையம் 40. அதாவது –160 முதல் 240 வரை மட்டுமே சாம்பல் நிறப் படிகள் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட எலும்பு முழுதும் ஒரே வெள்ளையாகி விரிசலை விழுங்கிவிடும். –160க்குக் கீழேயுள்ள நுரையீரலும் வெளியே கசிந்த காற்றும் ஒரே கறுப்பாகிவிடும்.

அகலத்தை 1500, மையத்தை –600 என்று மாற்றுங்கள். நுரையீரல் சாம்பல் நிறத்தில், கிளைவிட்ட இரத்தக்குழாய்களோடு எழுந்து வரும். கசிந்த காற்றோ குழாய் எதுவும் இல்லாத கரும்பிறைபோல நிற்கும். மல்லாந்து படுத்த நிலையில் ஸ்கேன் எடுப்பதால், அதை மார்பின் முன்புறம் தேடுங்கள். (அப்பாவுக்கு மூச்சு வாங்கினால், படத்தை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.)

அதே அமைப்பில் அகலம் 2000, மையம் 400 வைத்தால், எலும்பின் மேலோடு மெல்லிய வெள்ளைக் கோடாகும். அது அறுந்தோ படிபோல விலகியோ இருக்கும் இடமே முறிவு. அந்தத் துண்டில் நுரையீரலின் ஓரமும் இரட்டையாகத் தெரிந்தால், அது மூச்சு அசைவால் வந்த பொய்த்தோற்றமாக இருக்கலாம். எலும்பு மங்கலாக இருந்தால், Bone என்ற பெயரில் தனித் தொகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அது கூர்மையாகக் கணிக்கப்பட்டது. இந்த எண்கள் எம்ஆர்ஐ ஸ்கேனுக்குப் பொருந்தா.

வேறு மருத்துவரிடம் காட்டுவதானால் திரையைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் கொடுங்கள். படம்பிடித்ததில் விண்டோவை அவரால் மாற்ற முடியாது.