மூன்று சதவீத ஸ்டாப்லாஸ் ஏன் அடிக்கடி அடிபடுகிறது?

கேள்வி: காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருக்கிறேன். பங்குகளை வாங்கி இரண்டு, மூன்று வாரம் வைத்திருந்து விற்பது வழக்கம். ஒரு பங்கில் 1,200 ரூபாய்க்கு மேல் நஷ்டம் போகக் கூடாது என்பது எங்கள் அப்பச்சி சொல்லிக் கொடுத்த கட்டுப்பாடு. எதை வாங்கினாலும் 3 சதவீதம் கீழே ஸ்டாப்லாஸ் போடுகிறேன். போன மாதம் ஒரு பங்கை 400 ரூபாய் விலையில் 100 வாங்கினேன். 388-இல் விற்றுப்போனது. ஒரே வாரத்தில் அது 431-இல் முடிந்தது. இப்படியே பலமுறை நடந்துவிட்டது. ஏடிஆர் பார்த்துப் போடச் சொல்கிறார்கள். வாங்கும்போது சார்ட்டில் அது 18 என்று இருந்தது. அதை வைத்து என்ன செய்வது?

பதில்: அந்த 18 என்பது ரூபாய்க் கணக்கு. அந்தப் பங்கு ஒரு நாளில் சராசரியாக 18 ரூபாய் தூரம் மேலும் கீழும் ஆடுகிறது என்று பொருள். நீங்கள் ஸ்டாப்லாஸ் போட்ட தூரமோ 12 ரூபாய். அதாவது கெட்ட செய்தி ஒன்றுமே இல்லாத ஒரு சாதாரண நாளின் ஆட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள். அது அடிபட்டதில் வியப்பு இல்லை.

உங்கள் கடையில் ஒரே ரகக் கண்டாங்கியின் விலை ஒரே நாளில் பத்தில் ஒரு பங்கு இறங்கினால் ஏதோ நடந்திருக்கிறது என்று விசாரிப்பீர்கள். சந்தையில் தக்காளி அதே அளவு இறங்கினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பங்குகளும் அப்படித்தான். 1,000 ரூபாய் விலையில் ஒரு நிதானமான வங்கிப் பங்கு, அதன் ஏடிஆர் 16 என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 3 சதவீதம் என்றால் 30 ரூபாய், கிட்டத்தட்ட இரண்டு நாள் ஆட்டம். உங்கள் 400 ரூபாய்ப் பங்குக்கு அதே 3 சதவீதம் முக்கால் நாள் ஆட்டம்கூட இல்லை. சதவீதம் ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்கு இடம் இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை.

ஏடிஆரை 1978-இல் வெளியிட்டவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர், இயந்திரப் பொறியாளர். அன்றைய உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று 400-இல் முடிந்த பங்கு இன்று 385-இல் திறந்து, 390 வரை ஏறி, 382 வரை இறங்கியது என்றால் இன்றைய ஆட்டம் 8 ரூபாய்தான் என்று தோன்றும். ஆனால் நேற்று வாங்கி வைத்திருப்பவருக்கு 400-இலிருந்து 382 வரை, 18 ரூபாய் இறங்கியிருக்கிறது. இரவில் விழுந்த அந்த இடைவெளியையும் சேர்ப்பதற்காகத்தான் மூன்று தூரங்களில் பெரியதை எடுக்கிறார்கள்:

```
TR  = max(H - L, |H - PC|, |L - PC|)
ATR = (ATR_prev * 13 + TR) / 14
```

H இன்றைய உச்சம், L தாழ்வு, PC நேற்றைய முடிவு விலை, TR இன்றைய ஆட்டம், ATR_prev நேற்றைய ஏடிஆர். நீங்கள் கையால் போட வேண்டியதில்லை. சார்ட்டில் Average True Range என்று தேடிச் சேர்த்து, நாள் கணக்கு 14 என்று இருக்கிறதா, சார்ட் தினசரி சார்ட்தானா என்று மட்டும் பாருங்கள். பதினைந்து நிமிட சார்ட்டில் வரும் ஏடிஆரை எடுத்து மூன்று வாரத்துக்கு ஸ்டாப்லாஸ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது 3 சதவீதத்தைவிட மோசமாக முடியும்.

சரி, உங்கள் பங்குக்கு வருவோம். இரண்டு, மூன்று வாரம் வைத்திருக்கிற வியாபாரத்துக்கு ஏடிஆரைப் போல இரண்டு மடங்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். 18-ஐ இரண்டால் பெருக்கினால் 36. ஸ்டாப்லாஸ் 364. 'அப்படியென்றால் 9 சதவீதம் ஆயிற்றே, 100 பங்குக்கு 3,600 ரூபாய் போகுமே' என்று உடனே கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் பலரும் ஏடிஆரை விட்டுவிட்டுப் பழைய வழிக்குப் போகிறார்கள். இல்லையென்றால் தூரத்தை மட்டும் கூட்டிக்கொண்டு மூன்று மடங்கு நஷ்டத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மாற வேண்டியது எண்ணிக்கை. உங்கள் அப்பச்சி சொன்ன 1,200 ரூபாய் அப்படியே இருக்கட்டும், அது நல்ல கட்டுப்பாடு. 1,200-ஐ 36-ஆல் வகுத்தால் 33. நீங்கள் 100 அல்ல, 33 பங்கு வாங்கியிருக்க வேண்டும். 364-இல் அடிபட்டாலும் போவது 1,188 ரூபாய். அந்த வாரத்துத் தாழ்வு விலைகளைச் சார்ட்டில் பாருங்கள். 364-ஐத் தொடாமல் 431-க்குப் போயிருந்தால் 33 பங்கில் 1,023 ரூபாய் லாபத்தோடு இன்னும் உள்ளே இருந்திருப்பீர்கள். அதே 1,200 ரூபாய்க்கு அந்த வங்கிப் பங்கில் தூரம் 32, எண்ணிக்கை 37. அங்கே 37,000 ரூபாய் போடுகிறீர்கள், இங்கே 13,200 மட்டும். ஆட்டம் கூடிய பங்கில் பணம் தானாகவே குறைகிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் ஏடிஆர் மிகச் சிறிய பங்கில் இதே கணக்கு உங்கள் முதல் முழுவதையும் ஒரே இடத்தில் போடச் சொல்லும். அதனால் ஒரு பங்குக்கு இவ்வளவு ரூபாய்தான் என்று ஒரு மேல்வரம்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முந்தைய நாள் முடிவில் இருந்த ஏடிஆரை எழுதி வைத்து, முதல் ஸ்டாப்லாஸை அதை வைத்தே போடுங்கள். அப்புறம் கீழே இறக்காதீர்கள். பங்கு விழும்போது ஆட்டம் பெரும்பாலும் கூடும், ஏடிஆரும் ஏறும். 18 இருந்தது 23 ஆனதும் '400 கழித்தல் 46, சரி 354' என்று தள்ளி வைக்க மனம் சொல்லும். நானே தொடக்க காலத்தில் ஒரு சிமெண்ட் பங்கில் இப்படி மூன்று முறை இறக்கி, திட்டமிட்டதைப் போல இரண்டு மடங்கு இழந்தேன். மேலே ஏற்றுவது வேறு. 431-இல் முடிந்த அன்று அதிலிருந்து 36 கழித்து 395-க்குக் கொண்டுவரலாம்.

இரண்டு மடங்கு உங்களுக்குச் சரியா என்பதை உங்கள் கணக்கு நோட்டே சொல்லும். லாபத்தில் முடிந்த கடைசி இருபது வாங்கல்களை எடுங்கள். ஒவ்வொன்றும் வாங்கிய விலைக்குக் கீழே அதிகபட்சம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்து, அன்றைய ஏடிஆரால் வகுத்து எழுதுங்கள். பெரும்பாலும் 1.2-க்குள் நின்றிருந்தால் ஒன்றரை மடங்கே போதும். பல இடத்தில் 1.8, 1.9 என்று வந்தால் இரண்டு இறுக்கம், இரண்டரைக்குப் போங்கள். ஸ்டாப்லாஸில் வெளியேறியவற்றை இதில் சேர்த்தால் எல்லாமே பழைய 3 சதவீதத்தில் நின்றுவிடும், அதனால் அவற்றை விட்டுவிடுங்கள். லாபத்தில் முடிந்தவையும் அந்த 3 சதவீதத்துக்குள் நின்றவைதான் என்பதால், புதிய முறையில் இருபது வாங்கல் சேர்ந்ததும் மறுபடியும் பாருங்கள்.

ஏடிஆர் பின்னால் நடந்ததை மட்டுமே அறியும். காலாண்டு முடிவு மாலையில் வெளியாகி மறுநாள் பங்கு 340-இல் திறந்தால் 364 உங்களைக் காப்பாற்றாது. முடிவு வரும் தேதியைத் தெரிந்துகொண்டு, முன்னதாகவே பாதியையாவது விற்றுவிடுவது நல்லது. சாதாரண ஸ்டாப்லாஸ் ஆர்டர் அன்றன்றைக்கே காலாவதி ஆகிவிடும் என்பதால், நாள் கடந்தும் நிற்கும் GTT ஆர்டர் போடுவீர்கள். அதில் 364 தொட்டதும் போவது லிமிட் ஆர்டர். லிமிட் விலையையும் 364 என்றே வைத்தால், விலை தாண்டி விழும்போது விற்காமல் தொங்கி நிற்கும். 355 போல சற்றுத் தள்ளிக் கொடுங்கள். 340-இல் திறக்கிற நாளில் அதுவும் விற்காது. அன்று காலை கடை திறக்கும் முன் ஒருமுறை பார்த்து, நீங்களே கையால் விற்க வேண்டும்.