இரவு இன்சுலின்: பேனாவா, குப்பியா?

கேள்வி: எனக்கு 58 வயது, எடை 70 கிலோ. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் முழு அளவில் சாப்பிட்டும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 190க்குக் கீழே இறங்கவில்லை. படுக்கும்முன் 10 யூனிட் கிளார்ஜின் போடச் சொல்கிறார் டாக்டர். பேனா வாங்கட்டுமா, குப்பியா? 10 யூனிட்டே போதுமா?

பதில்: பேனாவே வாங்குங்கள். ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் சாதாரண கிளார்ஜின் என்றால், 3 மில்லி பேனாவில் 300 யூனிட் இருக்கும். ஊசி சரியாக வருகிறதா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் 2 யூனிட்டை வெளியே விட வேண்டும். ஆக நாளுக்கு 12 யூனிட், 25 நாள் வரும். 10 மில்லி குப்பியில் 1000 யூனிட். திறந்தபின் 28 நாள்தான் வைத்திருக்கலாம் என்பதால் 700 யூனிட்டுக்கு மேல் கொட்ட வேண்டியிருக்கும்.

ஆனால் ஆரம்பத்திலேயே நிறையப் பேனா வாங்கிக் குவிக்காதீர்கள். 10 யூனிட் என்பது பாதுகாப்பான தொடக்கம் மட்டுமே, பெரும்பாலும் போதாது. இரவில் கல்லீரல் விடும் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் அளவுக்கு உங்கள் கணையத்தில் இன்சுலின் சுரக்கவில்லை, மாத்திரையாலும் அதை ஈடுகட்ட முடியவில்லை. அதைத்தான் இந்த ஊசி செய்கிறது. அதனால் அளவைத் தீர்மானிப்பது காலை வெறும் வயிற்று ரீடிங். பேனாவோடு தினம் ஒன்று வீதம் ஸ்ட்ரிப்பும் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்த்தால் ஊசியின் பலனே தெரியாது.

வழக்கமான இலக்கு 80 முதல் 130 வரை. அதற்கு மேலேயே நின்றால் 3 நாளுக்கு ஒருமுறை 2 யூனிட் கூட்டுவது பொதுவான முறை. உங்களுக்கான இலக்கையும் படியையும் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 18 நாளில் 22 யூனிட்டுக்கு வந்து, காலையில் 120 காட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அப்போது ஒரு பேனா 12 நாள்தான் வரும், மாத வாங்கலை அதற்கேற்ப மாற்றுங்கள். திறக்காத பேனாக்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும், உறைந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

எப்போதாவது 70க்குக் கீழே போனால், வியர்வை, நடுக்கம் வந்தால், உடனே 15 கிராம் சர்க்கரை சாப்பிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார். கிளிமிபிரைடும் சர்க்கரையை இறக்கும் என்பதால், அதைக் குறைக்கலாமா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மினை வழக்கமாகத் தொடர்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கூட்டிக்கொண்டே போவதற்கும் எல்லை உண்டு. கிலோவுக்கு அரை யூனிட், அதாவது உங்களுக்கு 35 யூனிட் நெருங்கியும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி குறையவில்லை என்றால், பெரும்பாலும் பிரச்சினை சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையில் இருக்கிறது. இரவு ஊசி அதைச் சரிசெய்யாது. வேறு மருந்து சேர்க்க வேண்டும்.

எப்போதாவது குப்பிக்கு மாறினால் சிரிஞ்சைப் பார்த்து வாங்குங்கள். மில்லிக்கு 100 யூனிட் உள்ள குப்பி மருந்தை, மில்லிக்கு 40 யூனிட் கணக்கில் கோடு போட்ட சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 25 யூனிட்.