டிபன் பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு

மேடம், என் வீட்டுக்காரருக்குக் கஞ்சிக்கோடு பக்கம் ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட். பத்து மணி ஷிஃப்ட்டுக்கு எட்டே முக்காலுக்கே கிளம்பிடுவார், காலைல ஏழுக்குத்தான் வருவார். நான் ஒரு ஸ்கூல்ல ஆபீஸ் வேலை, எட்டரைக்குக் கிளம்பணும். பாப்பாவுக்கு நாலு வயசு. உள்ளே போன் கொண்டு போகக் கூடாது, லாக்கர்ல வெச்சிடணும். அதனால தினமும் டிபன் பையில ஒரு சின்னச் சீட்டு எழுதி வெக்கிறேன். முதல் பத்து நாள் அதையெல்லாம் பர்ஸ்ல பத்திரப்படுத்தினார். இப்போ பிரிக்காமலே திரும்பி வருது. கேட்டா, "தினமும் ஒரே மாதிரிதானே எழுதறே"ங்கிறார். "மிஸ் யூ மாமா", "பத்திரமா இருங்க", "ஐ லவ் யூ", இதைத் தாண்டி எனக்கு வரலை. வாட்ஸ்அப்ல வந்த கவிதையைப் பார்த்து எழுதினேன், "யார் எழுதினது இது?"ன்னு சிரிச்சார். அன்பு குறைஞ்சிடுச்சா, இல்லை எனக்கு எழுதத்தான் தெரியலையா? நைட் ஷிஃப்ட் இன்னும் மூணு மாசம் இருக்கு.
‍– வாசகி, கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள சகோதரிக்கு,

பிரிக்காத சீட்டை வைத்து அன்பை அளக்க வேண்டாம். வீட்டில் மின்விசிறி ஓடும் சத்தம் நம் காதில் விழுவதில்லை, நின்றால்தான் தெரிகிறது. மாறாமல் திரும்பத் திரும்ப வரும் எதையும் மூளை கவனிக்காமல் விட்டுவிடும். பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிகிறது, அதனால் பிரிக்கவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் எழுதும் மூன்று வரிகளையும் மறுபடி படித்துப் பாருங்கள். ஏக்கம், கவலை, ஆசை என்று மூன்றுமே உங்கள் மனசைச் சொல்கின்றன. மனசில் இருக்கும் உணர்ச்சிகளை எண்ணினால் ஆறேழு தேறும், அதற்கு மேல் போகாது. அதையே தினமும் எழுதினால் இரண்டாவது வாரத்தில் சரக்கு தீரத்தான் செய்யும். ஆனால் அவர் செய்ததும் நீங்கள் பார்த்ததும் தினமும் புதுசு. இனி சீட்டு அங்கிருந்து வரட்டும். எழுதத் தெரிகிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை.

இன்னொன்று, அவர் அதைப் படிக்கும் நேரம். நடுராத்திரிச் சாப்பாடு எப்படியும் ஒன்றரை, இரண்டு மணிக்கு இருக்கும். அதற்குப் பிறகு விடிகிற வரைக்கும் உடம்புச் சூடு இறங்கி, கண் சொக்கி, கவனம் மந்தமாகும். அந்த நேரத்தில் பத்து வரிக் கவிதை பாரம். இரண்டு வரி, பதினைந்து இருபது வார்த்தை போதும். ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டே மறு கையில் பிரித்துப் படிக்கிற அளவு. "பத்திரமா இருங்க" என்பதை நீங்கள் எழுதவே வேண்டாம். கம்பெனிச் சுவரில் ஏற்கெனவே பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

எழுதும் முறைக்கு வருகிறேன். உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் வராது, அதுவும் எட்டரை மணிக்கு டிபன் கட்டும் அவசரத்தில் "மிஸ் யூ"தான் வரும். அதனால் எழுதும் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். சமையலறையில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். பகலில் அவரைப் பற்றி எது கண்ணில் பட்டாலும், எது அவர் நினைப்பைக் கொண்டுவந்தாலும், அன்றைய கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை குறித்து வையுங்கள். கிளிப். குடை. மோர். ராத்திரி அந்த வார்த்தையை இரண்டு வரியாக நீட்டினால் சீட்டு தயார். போன வாரக் கட்டங்களை ஒரு பார்வை பார்த்தால் திரும்ப எழுதுகிறோமா என்பதும் தெரிந்துவிடும்.

ஒன்றை முழுசாகப் பார்ப்போம். இது விருச்சிகக் காற்று வீசும் மாதம். கொடியில் போட்ட துணி பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கிடக்கும். காலையில் வந்தவர் தூங்கப் போகுமுன் எல்லாத் துணிக்கும் கிளிப் மாட்டிவிட்டுப் படுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தில் "கிளிப்" என்று எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி முதலில் கைக்கு வருவது இப்படி இருக்கும்:

"துணிக்கு கிளிப் போட்டதுக்கு தேங்க்ஸ் மாமா. எனக்கு ஒரு வேலை மிச்சம்."

தப்பில்லை. ஆனால் அது உங்களுக்குக் கிடைத்த லாபத்தைச் சொல்கிறது. அவரைச் சொல்லவில்லை. நன்றி சொல்லும் விதத்தை ஆராய்ந்த உளவியலாளர்கள் கண்டது இதுதான்: "எனக்கு இவ்வளவு உபயோகமாச்சு" என்பதைவிட "நீங்க இப்படிப்பட்ட ஆளு" என்று சொல்லும் நன்றிதான் கேட்பவரை அதிகமாக நெருங்கவைக்கிறது. அதே கிளிப்பை இப்படித் திருப்பலாம்:

"இந்தக் காத்துக்கு ஒரு துணி கூட விழலை. தூக்கம் சொக்கும்போதும் கொடியைத் திரும்பிப் பார்க்கிற ஆளு நீங்க."

அன்பு என்ற சொல்லே இதில் இல்லை. அவர் செய்ததை ஒருத்தர் பார்த்தார் என்பது இருக்கிறது. வாட்ஸ்அப் கவிதைக்கு அவர் சிரித்ததற்கும் காரணம் இதுதான். அதை யார் வேண்டுமானாலும் யாருக்கும் அனுப்பலாம். கிளிப் சீட்டை அவருக்கு மட்டும்தான் எழுத முடியும்.

தினமும் அவரைப் புகழ்ந்தால் அதுவும் ஒரே மாதிரி ஆகிவிடும். நைட் ஷிஃப்ட் ஆள் பகலில் தூங்குகிறார், அதனால் ஊரின் பகல் அவருக்குக் கிடைப்பதில்லை. அதில் ஒரு துண்டை அனுப்பலாம்: "பஸ் ஸ்டாண்டுல ஒரு தாத்தா குடை காத்துல தாமரை மாதிரி திரும்பிக்கிச்சு. உங்க பழைய கறுப்புக் குடை ஞாபகம் வந்து நான் மட்டும் சிரிச்சேன்." பழைய நினைவு ஒன்று வாரம் ஒரு தடவை வரலாம். ஆனால் அதில் ஒரு இடமும் ஒரு பொருளும் இருக்கவேண்டும். "நம்ம கல்யாண நாள் மறக்க முடியாது" என்றால் ஒன்றும் நிற்காது. "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு டீ டம்ளரை ஜன்னல்ல வெச்சுட்டுப் போயிட்டீங்க. நான்தான் எடுத்துக் கழுவினேன், யாரையும் தொட விடலை" என்றால் அது அவர் மனசில் உட்காரும்.

கேள்வியும் கேட்கலாம், பென்சிலால் ஒரு டிக் போட்டால் தீருகிற கேள்வியாக: "ஞாயித்துக்கிழமை மலம்புழாவா, வீட்டுல தூக்கமா?" சீட்டோடு விரல் நீளப் பென்சில் ஒன்றை வையுங்கள். இதுவும் வாரம் ஒன்றே போதும், தினமும் பதில் கேட்டால் வீட்டுப்பாடம் ஆகிவிடும். சிட் ஃபண்ட் தவணை, அத்தை வீட்டு விசேஷம் போன்றவற்றை இதில் கொண்டுவரவே வேண்டாம். எழுத ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கடலை மிட்டாயைப் பாதி உடைத்து வைத்து, "மீதி என்கிட்ட" என்று எழுதினால் போதும்.

திங்கள் புகழ்ச்சி, செவ்வாய் நினைவு என்று கிழமைக்கு ஒன்றாகப் பிரித்துவிடாதீர்கள். மூன்றாவது வாரம் அவரே கண்டுபிடித்துவிடுவார். அன்றைய கட்டத்தில் என்ன வார்த்தை இருக்கிறதோ அதன் போக்கில் போகட்டும். சீட்டின் அளவும் வைக்கும் இடமும் மட்டும் மாற வேண்டாம். அவர் தேடாமல் கை போகிற இடமாக இருக்கட்டும்.

பாப்பா பற்றி எழுத ஆசையாக இருக்கும். வாரம் இரண்டுக்கு மேல் வேண்டாம். நாலு வயதுக் குழந்தை தினமும் ஏதாவது சொல்லும், எழுத அது சுலபம். ஆனால் மெல்ல மெல்ல அது அப்பாவுக்கு அனுப்பும் ரிப்போர்ட்டாக மாறி, கணவருக்கான சீட்டு காணாமல் போய்விடும். பலர் வீட்டில் நடப்பது இதுதான்.

சண்டை போட்ட நாள் வரும். அன்று கொஞ்சி எழுதினால் பொய் தெரியும், எழுதாமல் விட்டால் தண்டனையாகத் தெரியும். சண்டையைச் சீட்டில் தொடர்ந்தால் அதைவிட மோசம். இரண்டு மணிக்குப் படித்துவிட்டு, பதில் சொல்ல வழியில்லாமல், ஆறு மணி வரை அதையே நினைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நிற்பார். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: "கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கு. புளிக்குழம்பு நல்லா வந்திருக்கு, சாப்பிடுங்க."

காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோட்டுத் தாளை நாலாகக் கிழித்தால் அளவு சரியாக இருக்கும். ஜெல் பேனா வேண்டாம், சோற்று ஆவி பட்டால் எழுத்து கரையலாம். பால்பாயிண்ட் அல்லது பென்சில் நிற்கும். டப்பா மூடிக்குள் வைக்காமல் பையின் பக்கவாட்டில் இரண்டாக மடித்து வையுங்கள். கேண்டீனில் நாலு பேர் சேர்ந்து பகிர்ந்து சாப்பிடுவார்கள், யார் கை வேண்டுமானாலும் டப்பாவைத் திறக்கும். மிக அந்தரங்கமான வரி என்றால் டிபன் பையைவிட, காலையில் அவர் படுக்கும் தலையணைக்கு அடியே நல்ல இடம்.

காலை ஏழு மணிக்கு "படிச்சீங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். இரவு முழுக்க விழித்தவரிடம் அந்த நேரத்தில் நல்ல பதில் வராது, வந்த சலிப்பு உங்களைக் காயப்படுத்தும். சாப்பிட்டுத் தூங்கட்டும். சீட்டு போய்ச் சேர்ந்ததா என்பது வேறு வழியில் தெரியும். சாயங்காலம் எழுந்து டீ குடிக்கும்போது "அந்தத் தாத்தா அப்புறம் என்ன பண்ணினார்?" என்று அவரே கேட்பார். அல்லது பையில் சீட்டு இல்லாமல் இருக்கும்.

மூன்று வாரம் இப்படி எழுதியும் பிரிக்காமலே வந்தால், அவருடைய விடுமுறை நாளில், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு நேராகக் கேளுங்கள்: "சீட்டு வேணுமா, இல்லை சாயங்காலம் பத்து நிமிஷம் சும்மா கூட உட்காரட்டுமா?" சிலருக்குக் காகிதம் ஒட்டாது. இரண்டாவதைச் சொன்னால் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனால் சீட்டோடு டிபனும் பாதி அப்படியே வருகிறது, பகலில் நாலைந்து மணி நேரம் கூடத் தூக்கம் பிடிக்கவில்லை, விடுமுறையிலும் எரிந்து விழுகிறார், இது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் விஷயம் சீட்டில் இல்லை. ஷிஃப்ட் அவர் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இன்றும் நாளையும் சீட்டு வைக்க வேண்டாம், ஏன் என்றும் சொல்ல வேண்டாம். காலண்டரில் பென்சிலைக் கட்டிவிடுங்கள். மூன்றாம் நாள் ராத்திரி, இரண்டு கட்டங்களில் சேர்ந்திருக்கும் வார்த்தைகளில் ஒன்றை எடுத்து எழுதி, பையில் வழக்கமான அதே பக்கத்தில் வையுங்கள்.