மாமாவுக்கு மறதியா, காது மந்தமா?

"அக்கா, எங்க மாமாவுக்கு 74 வயசு, தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவர். முன்னால சாயங்காலம் ஆனா ஜங்ஷன் சாயாக்கடையில தான் இருப்பார், இப்ப ஒரு வருஷமா வீட்ட விட்டு எறங்குறதே இல்ல. மாத்திரை சாப்ட்டீங்களான்னு கேட்டா மாப்ள நேத்தே போயிட்டாரேன்னு பதில் சொல்றார். எம் புருஷன் பேசுனா கேக்குது, நான் பேசுனா மட்டும் கேக்கல. ஆன்லைன்ல வாங்குன காது மெஷின ஒரு நாள் வச்சிட்டு மேசைக்குள்ள போட்டுட்டார். நாத்தனார் இது மறதி நோய்னு சொல்றா. எதை முதல்ல பாக்கணும்? மெஷின் வச்சா ஞாபகம் சரியாகுமா?"
ஒரு மருமகள், திருவட்டார்

தங்கச்சி, முதல்ல காதைப் பாருங்க. மறதியே இல்லன்னு நான் சொல்ல வரல, ஆனா காது சரியா கேக்குதான்னு தெரியாம மறதிய யாராலயும் அளக்க முடியாது, டாக்டராலயும் முடியாது.

அந்த மாத்திரை - மாப்ள விஷயத்த நீங்க எழுதுனதே பாதி டெஸ்ட் மாதிரி இருக்கு. வயசானா வர்ற காது மந்தத்துக்கு ப்ரெஸ்பைகூசிஸ்னு பேரு, ரெண்டு காதுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வருஷக்கணக்குல மெல்ல மெல்ல வரும். உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு இருக்கு, அதுக்குள்ள மயிர் மாதிரி நுண்ணிய செல்லுங்க. அந்த நத்தையோட வாசல் பக்கம் இருக்குற செல்லுங்கதான் கீச்சுன்னு வர்ற மேல்ஸ்தாயி சத்தத்த பிடிக்கும், வயசுல முதல்ல அழியிறதும் அதுங்கதான், அழிஞ்சா திரும்ப முளைக்காது. பேச்சுல ஆ, ஓ, ஊ எல்லாம் கனமான கீழ்ஸ்தாயி சத்தம், அது கேட்டுரும். ச, த, ப, க இந்த மாதிரி காத்தா வந்து போற எழுத்துங்கதான் கேக்காம போகும். அப்ப உங்க மாமாவுக்கு "மா" விழுது, அதுக்கு அடுத்தது விழல, கடைசியில ஏதோ கேள்வின்னு மட்டும் தெரியுது, மிச்சத்த மூளை தானா நிரப்பிக்குது. மாப்ள நேத்து வந்துட்டு போனவர், அதனால மாப்ளன்னு நிரப்பிருக்கு. இப்பிடி நிரப்புறத மட்டும் வச்சு புத்தி கெட்டுப்போச்சுன்னு சொல்ல முடியாது.

உங்க குரல் மட்டும் கேக்காததுக்கும் இதான் காரணம். பொம்பளைங்க, புள்ளைங்க குரல் மேல்ஸ்தாயி, ஆம்பளைங்க குரல் கனம். இத வச்சு எத்தன வீட்டுல மருமகள் சொல்றத வேணும்னே கேக்காத மாதிரி நடிக்காருன்னு சண்டை வந்துருக்குன்னு எனக்குத் தெரியும், தயவு செஞ்சு அத மனசுல வச்சுக்காதீங்க. சத்தமா கத்துறதும் உதவாது. கத்துனா ஆ, ஊ தான் பெருசாகும், ச, த பெருசாகாது, அதோட இந்த காதுங்களுக்கு ஒரு குணம் உண்டு, மெதுவா பேசுனா கேக்காது, கொஞ்சம் கூட்டுனா சட்டுன்னு தாங்க முடியாத சத்தமா ஆயிரும், அதான் "ஏன் கத்துற"ன்னு கோவப்படுவாங்க.

இப்ப வீட்டுலயே ஒண்ணு செஞ்சு பாருங்க. டிவி, மிக்சி, ஃபேன் எல்லாத்தையும் நிறுத்திட்டு, மாமா முன்னால ரெண்டடி தூரத்துல வெளிச்சம் உங்க முகத்துல விழுற மாதிரி உக்காந்து, கத்தாம நிதானமா மூணு விஷயம் சொல்லுங்க, நாளைக்கு கேஸ் வருது, சாயங்காலம் இன்னார் வருவார், ரேஷன் கார்ட இந்த இடத்துல வச்சிருக்கேன், இப்பிடி. சொல்லி முடிச்ச உடனே அவர் வாயாலயே திருப்பி சொல்ல வைங்க. சரியா சொல்லிட்டாருன்னா காதுல விழுந்துட்டுன்னு அர்த்தம், சொல்ல வரலன்னா ஒரு தாள்ல பெரிய எழுத்துல எழுதிக் காட்டுங்க. அரைமணி நேரம் கழிச்சு, அப்புறம் ராத்திரியும் கேளுங்க. ஒண்ணு விட்டுப் போச்சு, "ரேஷன் கார்டு"ன்னு ஆரம்பிச்சு குடுத்தா ஞாபகம் வந்துருதுன்னா அவ்வளவா பயப்பட வேண்டாம். ஆனா திருப்பிச் சொன்ன ஆளே ராத்திரி "நீ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே"ன்னு சொல்லி, எடுத்துக் குடுத்தாலும் வரலன்னா, ரெண்டு மூணு நாள் செஞ்சும் அப்பிடியே இருந்துச்சுன்னா, அது காது கணக்குல சேராது. தெரிஞ்ச வழி தவறுறது, பணம் எண்ண குழம்புறது இதுவும் அப்பிடித்தான். அப்ப காதோட சேத்து நரம்பு டாக்டரையும் பாக்கணும்.

எங்கிட்ட வந்த ஒரு அம்மாவோட கதைய சொல்றேன், கொளச்சல் பக்கம், 72 வயசு. ஜெபக்கூட்டத்துல பாட்டு எடுத்துக் குடுக்குறதே அவங்கதான், ரெண்டு வருஷமா போறதில்ல, கேட்டா முட்டுவலின்னு சொல்லிருக்காங்க. மகள் ஒரு இடத்துல ஞாபக டெஸ்ட் எடுத்தா 30க்கு 17, மாத்திரையும் ஆரம்பிச்சாச்சு. அந்த டெஸ்ட்ல மூணு சொல்ல வாயால சொல்லி, கொஞ்சம் கழிச்சு திருப்பி கேப்பாங்க. இந்தம்மாவுக்கு அந்த மூணு சொல்லே விழல, கேள்வி பாதியும் விழல, வெக்கத்துல தலைய ஆட்டிருக்காங்க. நாங்க முதல்ல காத சுத்தம் பண்ணி, சத்தம் புகாத ரூம்ல ஹெட்போன் வச்சு டெஸ்ட் எடுத்தோம். ஹெர்ட்ஸ்னா சத்தத்தோட ஸ்தாயி, டெசிபல்னா அது காதுல விழ எவ்வளவு கூட்டணும்ங்கற அளவு, அது கூடுனா குறையும் கூடுதல். 500 ஹெர்ட்ஸ்ல 25 டெசிபல், 1000ல 30, அதுவரை பெரிய குறை இல்ல, 2000ல 50, 4000ல 65ன்னு வரைபடம் படிக்கட்டு மாதிரி எறங்கிப் போச்சு. நாலையும் கூட்டி நாலால வகுத்தா 42 சொச்சம், நடுத்தர மந்தம். அப்புறம் சத்தத்த கூட்டிக் குடுக்குற ஒரு கருவிய காதுல மாட்டி, கேள்விகள எழுதியும் காட்டி அதே ஞாபக டெஸ்ட்ட திரும்ப எடுக்க சொன்னோம், 23 வந்துச்சு. 17க்கும் 23க்கும் நடுவுல இருந்த ஆறும் காதோடது. ஆனா 23ங்கறதும் முழுசா நல்ல மார்க் இல்ல, நரம்பு டாக்டர் தைராய்டு, பி12 பாத்தாரு, பி12 ரொம்ப குறைவா இருந்துச்சு. காதும் இருந்துச்சு, வேறொண்ணும் இருந்துச்சு. அதனாலதான் உங்க நாத்தனார நான் வாய அடைக்க சொல்லல.

அவங்க ஜெபக்கூட்டத்துக்கு போகாததுக்கு முட்டு காரணமே இல்ல. நாலு பேர் ஒரே நேரம் பேசுற இடத்துல இந்த காது முதல்ல தோக்கும். ஒரு சிரிப்புக்கு பின்னால ஏன் சிரிச்சாங்கன்னு தெரியாம சும்மா சேந்து சிரிச்சு, சம்பந்தமில்லாம பதில் சொல்லி எல்லாரும் திரும்பிப் பாத்து, ரெண்டு தடவ அப்பிடி ஆச்சுன்னா மூணாவது தடவ ஆள் போக மாட்டாங்க. திருவட்டார்ல வீடு வீடா பேர் தெரிஞ்ச மனுஷன் சாயாக்கடையில தலை குனிஞ்சு உக்காருறதுக்கு வீட்டுலயே இருந்துரலாம்னு நெனச்சிருப்பாரு, அத உங்ககிட்ட சொல்லவும் மாட்டாரு.

இது ஞாபகத்த எப்பிடி தொடுதுன்னா, ஒவ்வொரு சொல்லையும் ஊகிக்கவே மூளை உழைக்குது, பதிச்சு வைக்க மிச்சம் இல்ல. ஆள் பேச்சு கொறைஞ்சா மூளைக்கு வேலையும் கொறையுது. அமெரிக்காவுல பால்டிமோர்ல 639 பேர பத்து வருஷத்துக்கு மேல கவனிச்சு 2011ல சொன்னாங்க, லேசான மந்தம் இருந்தவங்களுக்கு மறதி நோய் வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்கு, நடுத்தரத்துக்கு மூணு மடங்கு, கடுமைக்கு அஞ்சு மடங்கு. ஆனா சேந்து வருதுங்கறதும் அதனாலதான் வருதுங்கறதும் ஒண்ணில்ல, ரத்தக்குழாய் கெட்டாலும் காதும் மூளையும் சேந்தே கெடலாம். அதுனால 70 வயசுலருந்து 84 வரைக்கும் உள்ள 977 பேருல பாதிப்பேருக்கு மெஷின் குடுத்து மூணு வருஷம் பாத்தாங்க, 2023ல முடிவு வந்துச்சு. மொத்தமா பாத்தா ஞாபகத்துல வித்தியாசம் இல்ல. ஆனா அதுலயே வயசு கூடுன, பிரஷர் சுகர் மாதிரி தொந்தரவு கூடுதலா இருந்த ஒரு கூட்டத்துல மெஷின் வச்சவங்களுக்கு ஞாபகம் தேயுறது 48 சதவீதம் கொறைஞ்சிருந்துச்சு. அதனால உங்க கேள்விக்கு நேரா பதில் இதான்: போன ஞாபகம் மெஷினால திரும்பாது, இனி தேயுறது சிலருக்கு மெதுவாகலாம், காதுல விழாததால மறதி மாதிரி தெரிஞ்சது மட்டும் நிச்சயமா கொறையும்.

மேசைக்குள்ள கிடக்குற மெஷின வீசிட்டாருன்னு கோவப்படாதீங்க. அந்த மாதிரி மெஷின் எல்லா சத்தத்தையும் ஒரே அளவு கூட்டும். மாமாவுக்கு நல்லா கேக்குற ஃபேன், பஸ் இரைச்சலையும் கூட்டி, கேக்காத ச, த மேல கொண்டு மூடிரும். அவருக்கு வேண்டியது வரைபடம் பாத்து, எந்த ஸ்தாயில எவ்வளவு கொறையோ அங்க மட்டும் கூட்டி அமைக்குற டிஜிட்டல் மெஷின், முடிஞ்சா ரெண்டு காதுக்கும். அத வச்சாலும் முதல் நாளே சுகமா இருக்காது. பாத்திரம், செருப்பு, பேப்பர் மடிக்கிற சத்தம் எல்லாம் பல வருஷம் கழிச்சு கேக்குது, காதுக்குள்ள ஊசி குத்துற மாதிரி இருக்கும். முதல் வாரம் அமைதியான நேரத்துல ஒரு மணி, ரெண்டு மணி, அப்புறம் கூட்டிக் கூட்டி முழு நாள். ரெண்டு வாரத்துல திரும்ப போய் ட்யூன் பண்ணணும், இந்த ரெண்டாவது விசிட்ட விட்டவங்க மெஷின்தான் பெரும்பாலும் மேசைக்குள்ள போகுது. சாயாக்கடைக்கு எல்லாத்துக்கும் கடைசியா போகட்டும், அதுவும் முதுகு சுவர்ப்பக்கம் வர்ற மாதிரி உக்காந்து, ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட. கல்யாண மண்டபத்துல மைக் சத்தத்துல எந்த மெஷினும் தெளிவா கேக்க வைக்காது, அத முன்னாடியே சொல்லி வைங்க. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டு, ஈரத்துல சீக்கிரம் கெடும், ராத்திரி பேட்டரி மூடிய தொறந்து வச்சு, ஈரம் உறிஞ்சுற சிலிக்கா பொட்டலத்தோட டப்பாவுல போடுங்க.

அதுக்கு முன்னால ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்துல ஈஎன்டி டாக்டர பாத்து, அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்க சொல்லி, அப்புறம் டெஸ்ட் எடுங்க. ஒரு காது மட்டும், அல்லது ரெண்டொரு நாள்ல சட்டுன்னு கேக்காம போனதுன்னா இது வயசு மந்தம் இல்ல, அன்னைக்கே ஓடணும், நாள் தள்ளுனா திரும்பாமலே போகலாம். போகும்போது மாமா சாப்பிடுற எல்லா மாத்திரை சீட்டையும் கையோட எடுத்துட்டு போங்க, நீர் பிரிய குடுக்குற சில மருந்து கூடுன அளவுல குடுத்தா காத பாதிக்கும். டாக்டர் கேள்வி கேக்கும்போது மாமாவுக்கு பதிலா நீங்க பதில் சொல்லாதீங்க, அவர் பக்கத்துல உக்காந்து, அவருக்கு கேக்கலன்னா அந்தக் கேள்விய மட்டும் முகம் பாத்து திருப்பி சொல்லுங்க.