ஸ்விங் லோவில் போட்ட ஆங்கர்டு விவாப் கோட்டை எதுவரை நம்பலாம்?

கேள்வி: பெரிய ஸ்விங் லோவில் ஆங்கர்டு விவாப் போட்டு வச்சா, விலை இறங்கும்போதெல்லாம் அந்தக் கோட்டில் நின்னு திரும்புமா? எப்படிப் பார்க்கணும்?

எல்லாத் தடவையும் நிற்காது. முதல் ஒன்றிரண்டு தடவை விலை அங்கே வரும்போதுதான் நான் அதற்கு மதிப்புக் கொடுப்பேன். ஏன் என்று புரிய, அந்தக் கோட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

விலை இறங்கித் திரும்பிய அந்த லோ விழுந்த கேண்டிலிலிருந்து இன்றுவரை கைமாறிய எல்லாப் பங்குகளின் சராசரி விலைதான் அது. மூவிங் ஆவரேஜுக்கு வால்யூம் குறைந்த நாளும் ஒன்றுதான், கூடிய நாளும் ஒன்றுதான். இதில் அதிகம் கைமாறிய விலைக்கே அதிக எடை. விலை கோட்டுக்கு மேலே இருந்தால், லோவுக்குப் பிறகு வாங்கியவர்கள் மொத்தத்தில் லாபத்தில் இருக்கிறார்கள் என்று கொள்ளலாம். விலை இறங்கிக் கோட்டுக்கு வரும்போது அந்த லாபம் கரைந்து அசல் விலையில் நிற்கிறது. ஏற்றத்தை நம்பி வாங்கியவர்கள் அங்கே விற்க அவசரப்படுவதில்லை, இன்னும் கொஞ்சம் சேர்க்கவும் செய்வார்கள். சப்போர்ட் வருவது இதனால்தான்.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 400 ரூபாயில் லோ அடித்துத் திரும்புகிறது. முதல் வாரம் சராசரி 410 ரூபாயில் 50 லட்சம் பங்குகள், இரண்டாவது வாரம் 430-இல் 40 லட்சம், மூன்றாவது வாரம் 460-இல் 60 லட்சம், நான்காவது வாரம் 480-இல் 30 லட்சம் கைமாறுகின்றன. விலையை வால்யூமால் பெருக்கிக் கூட்டி, மொத்த வால்யூமான 180 லட்சத்தால் வகுத்தால் சுமார் 442.80 ரூபாய் வரும். கோடு இப்போது அங்கே இருக்கிறது. இதன் பிறகு விலை 490-ஐத் தொட்டுவிட்டு 445-க்கு இறங்கினால், அந்த இறக்கத்தில் வால்யூம் எப்படி என்று பார்ப்பேன். ஏறிய வாரங்களைவிட வால்யூம் வற்றியிருந்து, தினசரி கேண்டில் கோட்டுக்கு மேலேயே முடிந்தால் நல்ல அறிகுறி. பகலில் 438 வரை போய்விட்டு மேலே வந்து முடிவதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கூடிய வால்யூமில் கோட்டுக்குக் கீழே முடிந்து, மறுபடி ஏறி வரும்போது அதே கோட்டில் முட்டித் திரும்பினால் சப்போர்ட் போய்விட்டது. சராசரியில் வாங்கியவர்கள் இப்போது அசலை மீட்க விற்கிறார்கள், அது ரெசிஸ்டன்ஸ்.

இந்தக் கோட்டுக்கு வயது ஒரு பிரச்சினை. நான்காவது வாரத்தில் விற்பனையான 30 லட்சம் பங்குகள் கோட்டை சுமார் 435-லிருந்து 443-க்குத் தூக்கின. இதே பங்கில் ஒரு வருடம் கழித்து 2,000 லட்சம் பங்குகள் கைமாறி, கோடு 600-இல் இருக்கிறது, விலை 800-இல் இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வாரத்தில் 40 லட்சம் பங்குகள் கைமாறினாலும் கோடு 4 ரூபாய்கூட நகராது. விலை எங்கோ போய்விடும், கோடு கீழேயே கிடக்கும். நிஃப்டி 2020 மார்ச் 24 அன்று 7,511-இல் அடிமட்டத்தைத் தொட்டு, அந்த ஆண்டு முடிவில் 13,900-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் மார்ச் லோவின் கோடு அன்றாட வாங்கலுக்கு உதவாது. செப்டம்பர் 24 அன்று வந்த 10,790 லோவில் புதிதாக ஆங்கர் போடுவதே பொருத்தம். பழைய கோட்டை அழிக்க வேண்டாம், பெரிய சரிவு வந்தால் பார்க்க வேண்டிய இடம் அது.

மேலே நிஃப்டியை உதாரணமாகச் சொன்னாலும், இன்டெக்ஸ் சார்ட்டில் இதைப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இன்டெக்ஸைப் பங்குபோல யாரும் நேரடியாக வாங்கி விற்பதில்லை, அதனால் அதன் வால்யூமுக்கு இந்தக் கணக்கில் சரியான அர்த்தம் கிடையாது. தனிப் பங்குகளில்தான் இந்தக் கோடு ஒழுங்காகப் பேசும்.

கடைசியாக, பழைய சார்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். முடிந்துபோன சார்ட்டில் எது பெரிய ஸ்விங் லோ என்று கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கோடு அற்புதமாக வேலை செய்ததுபோல் இருக்கும். அன்றைய நாளில் அது யாருக்கும் தெரியாது. விலை அதற்கு முந்தைய ஸ்விங் ஹையைத் தாண்டி முடிந்த பிறகுதான் அந்த லோவைப் பெரியது என்று ஏற்று நான் ஆங்கர் போடுவேன். பழைய சார்ட்டில் சோதித்துப் பார்க்கிறீர்கள் என்றால், அப்படித் தாண்டிய நாளுக்கு முன்னால் நடந்த தொடுதல்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.