தருமனின் கனவில் வந்த மான்கள்

கேள்வி: இதிகாச நாயகர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் காட்டுக்குப் போகிறார்களே, அங்கே அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்? வனவாசம் வெறும் தண்டனைக் காலம்தானா?

எல்லா நாயகர்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பாண்டவர்களின் வனவாசத்தை மட்டும், அதிலும் தருமனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வனபருவம் என்றதும் பலருக்கும் அர்ச்சுனன் தவம் செய்து பாசுபதம் பெற்றதுதான் முதலில் நினைவுக்கு வரும். அது போருக்கான ஆயத்தம். காடு அதற்கு இடம் கொடுத்தது என்பதற்கு மேல் அதில் காட்டின் பங்கு குறைவு. காடே வாய் திறந்து பேசும் இடம் வியாச பாரதத்தில் வேறொன்று இருக்கிறது. மிகச் சிறிய பகுதி என்பதால், கதை சொல்பவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதற்கு முன் அந்த வனவாசம் எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ஐவரும் திரௌபதியும் தனிமையில் மரத்தடியில் வாழ்ந்தார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் தௌமியர் என்ற புரோகிதரும், ஊரை விட்டுக் கூடவே வந்த பெருந்திரளான அந்தணர்களும் சேர்ந்த ஒரு பெரிய முகாம் அது. சூரியன் கொடுத்த பாத்திரம் இருந்தும் வேட்டை நிற்கவில்லை. காம்யக வனத்தில் தருமன் கிழக்கே போவான், பீமன் தெற்கே போவான், நகுலனும் சகாதேவனும் மேற்கிலும் வடக்கிலும் போவார்கள். கொண்டுவந்த மான் இறைச்சி முதலில் அந்தணர்களுக்குப் படைக்கப்படும், திரௌபதி எல்லோருக்கும் பின்னால் உண்பாள். அந்த முகாமில் மெலிந்தவரோ நோயுற்றவரோ ஒருவரும் இல்லை என்று வியாசர் பெருமையாகவே சொல்கிறார். அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்பது பின்னால்தான் தெரிய வருகிறது.

பதினோரு ஆண்டுகள் கழிந்தபின், துவைத வனத்தில் ஓர் இரவு தருமனின் கனவில் மான்கள் வருகின்றன. கண்ணீர் தொண்டையை அடைக்க, கைகூப்பி நடுங்கி நிற்கும் அவற்றைப் பார்த்து, நீங்கள் யார், என்ன வேண்டும் என்று கேட்கிறான். கொல்லப்பட்டவை போக எஞ்சிய மான்கள் நாங்கள், உன் தம்பிகள் ஆயுதம் வல்லவர்கள், காட்டில் எங்களைச் சிலராக்கிவிட்டார்கள், விதைபோல மிஞ்சியிருக்கிறோம், நீ இடம் மாறிப்போனால் மீண்டும் பெருகுவோம் என்கின்றன. விடிந்ததும் தருமன் தம்பிகளிடம் கனவைச் சொல்லி, மான்கள் சொன்னது சரி, ஓர் ஆண்டும் எட்டு மாதங்களும் இவற்றைத் தின்று வாழ்ந்திருக்கிறோம், கிளம்புவோம் என்கிறான். மாதக் கணக்கோடு சொல்வதைக் கவனியுங்கள். பதின்மூன்று ஆண்டு எப்போது முடியும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவன், இங்கே முதல்முறையாகத் தன்னால் இன்னோர் உயிரினத்துக்கு எத்தனை காலம் தீங்கு நேர்ந்தது என்று எண்ணுகிறான்.

இதை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. அவன் இறைச்சியைக் கைவிடவில்லை. மான்கள் மிகுந்த காம்யக வனத்துக்கே திரும்பிப் போகிறான். அங்கே ஐவரும் வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில்தான் ஜயத்ரதன் திரௌபதியைத் தூக்கிச் செல்கிறான். ஆகவே கனவு அவனைத் துறவியாக்கவில்லை. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விதையை விட்டுவைக்க வேண்டும் என்ற ஓர் எல்லைக்கோடு மட்டும் அவனுக்குள் விழுகிறது.

அந்தக் கோடு இவர்களுக்கு எவ்வளவு புதியது என்பதைக் காண்டவ வனத்தோடு ஒப்பிட்டால் புரியும். இந்திரப்பிரஸ்தத்தில் ஆட்சி செய்த காலத்தில் அர்ச்சுனனும் கண்ணனும் காண்டவத்தைச் சுற்றி நின்று, அக்கினிக்கு இரையாகாமல் தப்ப முயன்ற உயிர்களையெல்லாம் வெட்டித் தீயில் தள்ளினார்கள். தட்சகனின் மகன் அசுவசேனன், மயன், நான்கு சாரங்கக் குஞ்சுகள் ஆகியவை மட்டும் எரியாமல் தப்பியதாகப் பாரதம் எண்ணிச் சொல்கிறது. தப்பிய மயன் நன்றிக்கடனாகக் கட்டிக் கொடுத்த மண்டபத்தில்தான் துரியோதனன் தரை என்று நினைத்துத் தண்ணீரில் விழுந்து அவமானப்பட்டான். அந்தப் பொறாமை சூதாட்டமாயிற்று, சூதாட்டம் வனவாசமாயிற்று. காட்டை எரித்து அரசர்களாக வாழ்ந்தவர்கள் காட்டுக்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை வியாசர் எங்கும் விரல் நீட்டிச் சொல்வதில்லை, ஆனால் கதையின் கட்டு அப்படித்தான் இருக்கிறது.

கனவில் கிடைத்தது அவனிடம் தங்கியதா என்பதற்கு வனபருவத்தின் கடைசிப் பகுதி விடை சொல்கிறது. மீண்டும் துவைத வனம். ஓர் அந்தணர் மரத்தில் தொங்கவிட்டிருந்த அரணிக்கட்டையும் கடைகோலும், உடம்பைத் தேய்க்க வந்த மானின் கொம்பில் சிக்கிக்கொள்ள, அது அவற்றோடு ஓடிவிடுகிறது. ஒரு காட்டையே வெறுமையாக்கத் தெரிந்த ஐவரின் அம்புகளும் அந்த ஒரு மான்மீது படவில்லை. களைத்து, தாகத்தோடு ஆலமரத்தடியில் உட்கார்கிறார்கள். தண்ணீர் தேடிப் போன நால்வரும் யட்சனின் தடையை மதிக்காமல் குடித்துக் குளக்கரையில் மாண்டு விழுகிறார்கள். இந்தக் கதையை வில்லிபாரதத்தின் நச்சுப் பொய்கைச் சருக்கம் வழியாக அறிந்தவர்களுக்குக் காளமாமுனியின் வேள்வியும் அதில் எழுந்த பூதமும் நினைவிருக்கும். வியாசரில் அவை இல்லை, நேரடியாகக் கேள்வியும் பதிலும்தான்.

யட்சன் கேட்ட கேள்விகளைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வரும் தேர்வு. தம்பிகளில் ஒருவனை மட்டும் எழுப்புகிறேன், யார் வேண்டும் என்று யட்சன் கேட்க, தருமன் நகுலனைக் கேட்கிறான். பீமன் உனக்குப் பிரியமானவன், அர்ச்சுனனின் தோள்வலிமையை நம்பித்தான் நீங்கள் எல்லோரும் இருக்கிறீர்கள், மாற்றாந்தாய் மகனை ஏன் கேட்கிறாய் என்று யட்சன் வியக்கிறான். கொடுமை செய்யாமையே மேலான அறம், என் தந்தைக்குக் குந்தி, மாத்திரி என இரு மனைவியர், இருவருக்கும் ஒரு மகனாவது இருக்க வேண்டும், குந்திக்கு நான் இருக்கிறேன் என்கிறான் தருமன். எந்த வழியும் முற்றாக அற்றுப்போகக் கூடாது, ஒரு விதையாவது நிற்க வேண்டும் என்பது துவைத வனத்து மான்கள் வைத்த அதே வேண்டுகோள். இந்தத் தொடர்பை வியாசர் வாய்விட்டுச் சொல்லவில்லை, இது என் வாசிப்பு.

தருமன் இயல்பிலேயே இரக்கமுள்ளவன், காடு அவனுக்குப் புதிதாக என்ன கொடுத்துவிட்டது என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அப்படிச் சொல்பவர்கள் சபாபருவத்தில் தம்பிகளைப் பணயம் வைத்த வரிசையைத் திரும்பப் பார்க்க வேண்டும். முதலில் நகுலன், அடுத்து சகாதேவன். மாத்திரி மக்களைத் தோற்றுவிட்டாய், பீமனும் அர்ச்சுனனும் உனக்கு இவர்களைவிட மேலானவர்கள் போலிருக்கிறதே என்று சகுனி குத்திக்காட்டிய பிறகுதான் மற்ற இருவரும் பணயமாக வந்தார்கள். சபையில் முதலில் இழக்கத் துணிந்த அதே நகுலனைத்தான், பன்னிரண்டு ஆண்டுகள் காட்டில் கழித்தபின், குளக்கரையில் முதலில் கேட்கிறான்.