செக்-அவுட் ஆகியும் திரும்பாத 500 ரிங்கிட்: ஹோட்டலுக்கு என்ன எழுதுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. மகளின் பட்டமளிப்புக்காகக் கோலாலம்பூர் போய், ஆகஸ்ட் 7 முதல் 9 வரை ஒரு ஹோட்டலில் தங்கினோம். அறை வாடகையை முன்பே கட்டிவிட்டேன். உள்ளே போகும்போது டெபாசிட் என்று என் டெபிட் கார்டில் 500 ரிங்கிட் பிடித்தார்கள். கிளம்பும்போது சாப்பாட்டுக்கு 60 ரிங்கிட்டை அதே கார்டில் கட்டினேன். இன்று 22. அந்த 500 இன்னும் வரவில்லை. ஹோட்டலில் கேட்டால் "நாங்கள் எடுக்கவே இல்லை, பேங்கைக் கேளுங்கள்" என்கிறார்கள். பேங்கில் "ஹோட்டல்தான் விடவேண்டும்" என்கிறார்கள். 28ஆம் தேதி அந்தக் கணக்கிலிருந்துதான் கார் லோன் போகும். ஹோட்டலுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?
— செம்பனை ஆலைப் பணியாளர், சுங்கை சிப்புட்

பதில்: வணக்கம் ஐயா. இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான். அதனால்தான் உங்களை இப்படி மாறி மாறி அலைய விடுகிறார்கள். ஆனால் முடிச்சை அவிழ்க்க வேண்டியது ஹோட்டல்தான். கடிதத்தில் எதைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் பேங்க் செயலியைத் திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று Current balance, இன்னொன்று Available balance. முதல் எண்ணைவிட இரண்டாவது சரியாக 500 குறைவாக இருந்தால், பணம் உங்கள் கணக்கிலேயேதான் இருக்கிறது, தொட முடியாமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் நிலையத்தில் பம்பிலேயே கார்டைப் போட்டால் 200 ரிங்கிட்டைப் பிடித்து வைப்பார்களே, அதே முறைதான். இதற்கு முன் அனுமதி என்று பெயர். அன்று உங்களுக்குக் கொடுத்த சீட்டில் PRE-AUTH என்று அச்சாகியிருக்கும். அப்படியில்லாமல் SALE என்று இருந்து, 500 இரண்டு எண்களிலும் கழிந்திருந்தால், கதையே வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் முன் அனுமதிதான். அது ஏன் சிக்கிக்கொண்டது என்பதற்கான தடயம் அந்த 60 ரிங்கிட்டில் இருக்கிறது. முறையாகச் செய்திருந்தால், நீங்கள் கிளம்பும்போது அந்த 500 முன் அனுமதியையே எடுத்து, அதன் ஒப்புதல் எண்ணை இயந்திரத்தில் தட்டி, "இதில் 60 மட்டும்" என்று முடித்திருப்பார்கள். அப்படி முடித்தால் 60 கழிந்து, மீதி 440 விடுபட்டுவிடும். அல்லது 60ஐத் தனியாக வாங்கிக்கொண்டு, 500க்கு ரத்துச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். உங்களிடம் புதிதாக ஒரு SALE போட்டிருக்கிறார்கள், 500ஐ அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டுக்கும் ஒப்புதல் எண்கள் வேறு வேறு. அதனால் உங்கள் பேங்கின் கணினிக்கு அவை ஒரே தங்கலைச் சேர்ந்தவை என்று தெரியாது. அது இன்னும் ஹோட்டலின் இறுதித் தொகைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது.

"நாங்கள் எடுக்கவே இல்லை" என்று முகப்பில் இருப்பவர் சொல்வதும் இதனால்தான். அவர் எதையும் வசூலிக்கவில்லை, உண்மை. ஆனால் வசூலிக்காமல் இருப்பதும், பிடித்ததை விடுவிப்பதும் ஒன்றல்ல. நிறைய ஹோட்டல்களில் இந்த வித்தியாசம் முகப்பு ஊழியருக்கே தெரிவதில்லை, சீட்டைக் கிழித்துப் போட்டால் டெபாசிட் ரத்தாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

சும்மா இருந்தாலும் இது ஒரு நாள் தானாக விழுந்துவிடும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் ஹோட்டல் முன் அனுமதி ஏறத்தாழ 30 நாள்வரை நிற்கலாம். பல பேங்குகள் அதற்கு முன்பே விட்டுவிடுகின்றன. ஆகஸ்ட் 7இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 6 வரை போகக்கூடும். கார் லோன் 28இல் என்பதால் உங்களால் காத்திருக்க முடியாது. அதனால் இன்றே எழுதுங்கள்.

எழுதும் முன் உங்கள் பேங்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஹோட்டலின் விடுவிப்புக் கடிதம் வந்தால் நீங்களே பிடித்த தொகையை எடுத்துவிடுவீர்களா, அந்தக் கடிதம் எந்த மின்னஞ்சலுக்கு வரவேண்டும்?" சில பேங்குகள் ஹோட்டலின் கடிதத்தை நேரடியாக ஏற்கும். சில, ஹோட்டலின் கார்டு இயந்திரத்தைக் கொடுத்த பேங்க் வழியாக வந்தால்தான் ஏற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் இன்னொரு வாரம் போய்விடும்.

அடுத்து, "என் பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். எடுக்காத பணத்தைத் திருப்ப முடியாது என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். "முன் அனுமதியை விடுவியுங்கள், விடுவித்ததை எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். கீழே தமிழில் தருகிறேன். அனுப்பும்போது மலாயிலோ ஆங்கிலத்திலோ போடுங்கள், மகளே எழுதிக்கொடுத்துவிடுவார்.

> பெறுநர்: கணக்குப் பிரிவு மேலாளர். நகல்: முகப்புப் பிரிவு மேலாளர்.
>
> பொருள்: அறை எண் ____, ஆகஸ்ட் 7 முதல் 9 வரை. விடுவிக்கப்படாத முன் அனுமதி, 500 ரிங்கிட்.
>
> நான் மேற்கண்ட நாட்களில் உங்கள் ஹோட்டலில் தங்கினேன். முன்பதிவு எண் ____. ஆகஸ்ட் 7 அன்று கடைசி நான்கு இலக்கம் ____ உள்ள என் டெபிட் கார்டில் 500 ரிங்கிட்டுக்கு முன் அனுமதி எடுக்கப்பட்டது. ஒப்புதல் எண் ____, இயந்திர எண் ____.
>
> ஆகஸ்ட் 9 அன்று நான் கிளம்பியபோது பாக்கியிருந்த 60 ரிங்கிட்டை அதே கார்டில் தனி விற்பனையாகக் கட்டினேன். ஒப்புதல் எண் ____. பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும் உங்கள் ரசீதை இணைத்துள்ளேன். 500 ரிங்கிட் முன் அனுமதி இன்றுவரை ரத்துச் செய்யப்படவில்லை. என் கணக்கில் அந்தத் தொகை இன்னும் பிடிக்கப்பட்டிருப்பதைக் காட்டும் பேங்க் செயலியின் திரைப்பிடிப்பையும் இணைத்துள்ளேன்.
>
> தயவுசெய்து ஆகஸ்ட் 26க்குள் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவதாக, மேற்கண்ட ஒப்புதல் எண்ணுக்கு உங்கள் பேங்க் வழியாக ரத்துச் செய்தி அனுப்புங்கள். இரண்டாவதாக, உங்கள் தலைப்புத் தாளில், கையெழுத்துடன், இந்த முன் அனுமதியில் 500 ரிங்கிட்டையும் விடுவிக்கிறோம் என்ற கடிதத்தை என் பேங்கின் ____ முகவரிக்கு அனுப்பி, எனக்கும் நகல் தாருங்கள்.
>
> 28ஆம் தேதி இந்தக் கணக்கிலிருந்து கடன் தவணை கழிய வேண்டும். இத்தொகை பிடிபட்டிருப்பதால் அது தவறினால், அதனால் வரும் தாமதக் கட்டணத்துக்கான ஆதாரத்தையும் உங்களுக்கு அனுப்புவேன்.

ஒப்புதல் எண் சீட்டில் APPR CODE என்ற இடத்தில் ஆறு எழுத்து அல்லது இலக்கமாக இருக்கும். TID என்பது இயந்திர எண். சீட்டு தொலைந்திருந்தால் ஒப்புதல் எண்ணை உங்கள் பேங்கே சொல்லும், வாடிக்கையாளர் சேவையில் கேளுங்கள். கார்டின் முழு எண்ணையும் பின்னாலுள்ள மூன்று இலக்கத்தையும் கடிதத்தில் போடவே கூடாது. யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், விடுவிப்பதற்கு அவை தேவையே இல்லை.

முகப்பு மேசையின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பினால் வேலை நடக்காது. அங்கே ஆள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுவார்கள். ஹோட்டலுக்குப் போன் போட்டு, கணக்குப் பிரிவின் மின்னஞ்சலைக் கேட்டு வாங்குங்கள். கடிதம் அனுப்பிய மறுநாள் அதே பிரிவுக்குப் போன் செய்து, "ரத்து அனுப்பியாயிற்றா, எந்தத் தேதியில்?" என்று கேளுங்கள். "அனுப்பிவிட்டோம்" என்று வாயால் சொன்னால் போதாது, தேதியோடு எழுத்தில் வேண்டும். அந்த நகலோடு பேங்குக்குப் போனால், அங்கே இனி ஹோட்டலைக் கைகாட்ட முடியாது.

பேங்கில் தகராறு மனு கொடுத்தால் என்ன என்று நினைக்கலாம். இப்போது அது எடுபடாது. அந்த மனு கணக்கில் பதிவாகிக் கழிந்த தொகைக்குத்தான், பிடித்து மட்டும் வைத்த தொகைக்கு இல்லை. நாளைக்கு ஹோட்டல் அந்த 500ஐ நிஜமாகவே வசூலித்துவிட்டால் மனு உடனே போடலாம். அதற்காக அந்தப் பாக்கியில்லா ரசீதை, தொகை விடுபட்ட பிறகும் சில மாதம் பத்திரமாக வைத்திருங்கள்.

விடுவிப்புக் கடிதம் கையில் இருந்தும் பேங்க் இழுத்தடித்தால், முதலில் அந்தப் பேங்கின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் தரும் இறுதிப் பதிலில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரியிலிருந்து செயல்படும் நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மேன் சேவையிடம் போகலாம். ஹோட்டல்தான் பதிலே தராமல் இருக்கிறது என்றால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை எடுக்கும். இணையத்திலேயே பதியலாம், வக்கீல் தேவையில்லை. மேலே உள்ள கடிதமும் அதற்கான ஆதாரங்களும்தான் அங்கே உங்கள் வழக்கு. 500 தானாக விடுபட்டுவிட்டால் அதற்காக மன்றம் போவதில் பொருளில்லை, தாமதக் கட்டணம் போன்ற உண்மையான நட்டம் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

சரி, சீட்டில் SALE என்று இருந்தால்? அப்போது ஹோட்டல் பணத்தை எடுத்தேவிட்டது. கடிதத்தில் விடுவிப்பு என்ற சொல்லை எல்லாம் எடுத்துவிட்டு, 500 ரிங்கிட்டை அதே கார்டுக்குத் திருப்பச் சொல்லுங்கள். "திருப்பிவிட்டோம்" என்று பதில் வந்தால், ARN என்ற 23 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் பேங்க் பணம் எங்கே நிற்கிறது என்று தேட முடியும்.

கார் லோனை மட்டும் இதற்குள் மாட்டவிடாதீர்கள். 27ஆம் தேதி காலையிலும் 500 விடுபடவில்லையென்றால், வேறு கணக்கிலிருந்தோ வீட்டில் யாரிடமாவது கைமாற்றாகவோ அந்தக் குறையை ரொக்கமாகக் கணக்கில் போட்டுவிடுங்கள். தவணை நிலுவையானால் சிசிரிஸ் என்ற பேங்க் நெகாராவின் கடன் பதிவில் ஏறும், அடுத்த கடன் கேட்கும்போது எந்த பேங்கும் அதைத்தான் முதலில் பார்க்கும், ஹோட்டல் செய்த தவறு என்ற விளக்கம் அந்தப் பதிவில் வராது.